72 லட்சம் யாருக்கு?

போன மாதம் எங்கள் மாத்தூர் எம்.எம்.டி.ஏ. காலனியில், தெருவில் இருக்கிற எல்லா கேட்டிலும் ஒரு மஞ்சள் நோட்டீஸ் செருகியிருந்தது. ‘உங்கள் தெருவில் வீடு ஒன்றை 72 லட்சத்துக்கு விற்றுக் கொடுத்துள்ளோம். உங்கள் வீட்டுக்கும் பார்ட்டி ரெடி!’ கீழே செல் நம்பர். நாலு நாள் கழித்து பச்சை கலரில் இன்னொன்று. அதே வீடு, அதே 72, ஆனால் வேறு புரோக்கர்!

ஒரு வீட்டை ரெண்டு பேர் எப்படி விற்க முடியும்? முடியும். நம்ம ஊரில் வாங்குபவரைக் கூட்டி வருபவர் ஒருத்தர், விற்பவரைத் தெரிந்தவர் ஒருத்தர், நடுவில் இன்னும் ரெண்டு பேர் என்று கமிஷன் பங்கு பிரியும். பங்கு வாங்கிய எல்லோருக்கும் அது ‘நான் முடிச்ச வீடு’தான். அமெரிக்காவில் இந்த நோட்டீஸுக்கு ‘ஜஸ்ட் சோல்டு’ கார்டு என்று பெயர். அங்கே ரியல்டர் சங்கத்தின் நடத்தை விதியே, அந்த விற்பனையில் விற்பவர் பக்கமோ வாங்குபவர் பக்கமோ புரோக்கராகப் பங்கெடுத்தவர் மட்டும்தான் ‘விற்றேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறது.

விற்ற சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ள யாரும் நோட்டீஸ் அடிப்பதில்லை சார். புரோக்கருக்கு வாங்க ஆள் கிடைப்பது சுலபம், விற்க வீடு கிடைப்பதுதான் கஷ்டம். அடுத்த வீட்டைப் பிடிக்கிற தூண்டில்தான் இது. அதில் புழு, அந்த 72.

எதிர் வீட்டுப் பெரியவர் அந்தப் புழுவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடையது 600 சதுர அடி மனை, பழைய தளம் போட்ட வீடு. விற்ற வீடு 1,200 சதுர அடி. ‘பாதி மனைன்னா பாதி விலை, 36 லட்சம் வருமே தம்பி’ என்றார். பி.காம் படித்த புத்தி சும்மா இருக்குமா? பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன்.

விற்ற வீட்டில் மாடியோடு சேர்த்து நல்ல கட்டடம். அதற்கு 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 52 லட்சம்தான் மண்ணின் விலை. 1,200-ஆல் வகுத்தால் சதுர அடி 4,333 ரூபாய். பெரியவரின் 600 அடிக்கு 26 லட்சம். பழைய கட்டடத்துக்கு வாங்குபவர் பெரிதாக எதுவும் தரமாட்டார், இடிக்கிற செலவைத்தான் கணக்குப் பார்ப்பார். 36 எங்கே, 26 எங்கே! மனை அளவு, கட்டடத்தின் வயது, கார்னரா, வாசலில் எத்தனை அடி ரோடு என்று எதையும் சொல்லாமல் மொத்தத் தொகையை மட்டும் நோட்டீஸில் போடுவது தற்செயல் இல்லை.

சரி, அந்த 72-ஆவது நிஜமா? அதைப் பார்க்க வழி இருக்கிறது. பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றை, அதாவது ஈ.சி.யை, காசு கட்டாமல் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். இந்த மாதிரி காலனிகளில் ஒரே சர்வே எண்ணில் நிறைய மனைகள் இருக்கும் என்பதால் பட்டியல் நீளமாக வரும். மனை எண்ணை வைத்துத் தேடுங்கள். உங்கள் பத்திரத்தின் நான்கெல்லையிலேயே பக்கத்து மனை எண் இருக்கும். ஈ.சி.யில் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயரோடு ‘கைமாற்றுத் தொகை’ என்று ஒன்று இருக்கும். பத்திரத்தில் எழுதிய விலை அதுதான். கிரயப் பத்திரத்துக்குப் பதிலாக விற்பனை ஒப்பந்தம் மட்டும் இருந்தாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ, ‘விற்றோம்’ என்பதற்கு அட்வான்ஸ் போட்டிருக்கிறார்கள் என்றுகூட அர்த்தம் இருக்கலாம். அட்வான்ஸ் போட்டு முறிந்த வியாபாரம் எத்தனையோ!

ஆனால் கைமாற்றுத் தொகையை வேதவாக்காக எடுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், 2023 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 72 லட்சத்துக்கு ஆறரை லட்சம் போய்விடும். அதை மிச்சம் பிடிக்க, அரசு வழிகாட்டி மதிப்பை ஒட்டி விலையைக் குறைத்து எழுதுகிறவர்கள் உண்டு. அது சட்டப்படி தப்பு, ஆனாலும் நடக்கிறது. வாங்குபவர் பேங்க் லோன் போட்டிருந்தால் முழு விலையை எழுதவே விரும்புவார், அவருக்கு லோன் கூட வேண்டுமே. அதனால் அதே பட்டியலில் பேங்க் பெயரில் அடமானமும் பதிவாகியிருந்தால், அந்த விலையை மற்றதைவிடக் கொஞ்சம் அதிகமாக நம்பலாம்.

‘பார்ட்டி ரெடி’க்குப் பெரியவர் தானே போன் போட்டார். நான் சொல்லி ரெண்டு கேள்வி கேட்டார். பார்ட்டிக்கு லோன் சாங்ஷன் ஆகிவிட்டதா, இந்த ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவாரா? எதிர்முனையில், ‘முதல்ல பத்திர ஜெராக்ஸ் அனுப்புங்க ஐயா, அப்புறம் பேசலாம்’ என்று பதில். பெரியவர் அனுப்பவில்லை. முகம் தெரியாத ஆளிடம் போன பத்திர ஜெராக்ஸ் எத்தனை கை மாறும் என்று யாருக்குத் தெரியும்?

புரோக்கர்களுக்கு ரெரா பதிவு கட்டாயமாயிற்றே என்பீர்கள். 2016-ம் வருஷத்துச் சட்டம் அதைக் கேட்பது, ரெராவில் பதிவான புது பிராஜெக்ட்களில் மனையோ ஃபிளாட்டோ விற்றுத் தருபவர்களைத்தான். நம்ம தெருவில் பழைய தனி வீட்டைக் கை மாற்றித் தருபவர் அதற்குள் வரமாட்டார். அதனால் கமிஷன் எவ்வளவு, எப்போது தரவேண்டும், ரெண்டு பக்கமும் வாங்குகிறாரா என்பதை வீட்டைக் காட்டுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் மஞ்சள் நோட்டீஸ்காரர் எழுதித் தரச் சம்மதித்தார். பச்சைக்காரர் அப்புறம் போன் எடுக்கவில்லை.