ஒரே தாளில் இரண்டு 'நாள்'கள்

வேலையை விட்டு ஆய்வுக்கு வரும் நண்பர்கள் சிலர், 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்' எனப்படும் இறுதிக் கணக்குத் தாளை எவ்வாறு வாசிப்பது என்று கேட்டனர். சென்ற ஆண்டு மாதாப்பூரில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தை விட்டு வந்தபோது எனக்குக் கிடைத்த தாளையே எடுத்துக்காட்டாக வைக்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்குத் தேவையில்லை.

என் மாதச் சம்பளம் 60,000 ரூபாய். அதில் அடிப்படை ஊதியம் 30,000. முன்னறிவிப்புக் காலம் 60 நாள். மே 5 அன்று விலகல் கடிதம் கொடுத்தேன். முனைவர் பட்டச் சேர்க்கையின் பொருட்டு ஜூன் 18 அன்றே விடைபெற வேண்டியிருந்தது. ஆகவே பணியாற்றிய முன்னறிவிப்பு 45 நாள். குறை 15 நாள். கையிருப்பில் ஈட்டிய விடுப்பு 14 நாள் இருந்தது.

தாளின் இடப்பக்கம் வரவு: ஜூன் மாதத்தின் 18 நாள் சம்பளம் 36,000, விடுப்புக்கு ஈடான பணம் 14,000. வலப்பக்கம் பிடித்தம்: முன்னறிவிப்புக் குறைக்கு 30,000, வருங்கால வைப்பு நிதி 2,160, தெலங்கானா தொழில் வரி 200. நிகரம் 17,640.

மொழியியல் படித்தவனின் கண் இங்கே ஓரிடத்தில் நின்றுவிட்டது. 14 நாள் விடுப்பின் விலை 14,000. 15 நாள் குறையின் விலை 30,000. ஒரே தாளில், ஒரே மாதத்தில், 'நாள்' என்னும் ஒரே சொல் இடப்பக்கத்தில் 1,000 ரூபாயாகவும் வலப்பக்கத்தில் 2,000 ரூபாயாகவும் வழங்குகிறது. நிறுவனம் தரும் நாள் அடிப்படை ஊதியத்தை 30ஆல் வகுத்துப் பெற்றது. நிறுவனம் பெறும் நாள் முழுச் சம்பளத்தை வகுத்துப் பெற்றது. இது கணக்குப் பிழையன்று. நியமனக் கடிதத்தின் இரு வேறு பத்திகளில் இவ்விரு வரையறைகளும் எழுதப்பட்டிருந்தன. அவை அருகருகே வந்து நிற்பது இந்தத் தாளில் மட்டுமே. (இதற்கு 'ரெக்கவரி' என்று பெயர். நான் பெற்றிராத பணத்தை என்னிடமிருந்து 'மீட்பது' எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது.)

இவ்வேறுபாட்டில் நடைமுறைப் பொருள் ஒன்று உண்டு. 14 நாள் விடுப்பைப் பணமாக்காமல் முன்னறிவிப்புக் குறையில் நாளுக்கு நாள் கழித்துக்கொண்டால், குறை ஒரே நாளாகச் சுருங்கும். பிடித்தம் 2,000 மட்டுமே. விடுப்புப் பணம் 14,000 போனாலும் பிடித்தத்தில் 28,000 மிஞ்சும். ஐயப்பா சொசைட்டியில் நான் தங்கியிருந்த விடுதிக்கு அந்த 14,000 இரண்டு மாதக் கட்டணம். கேட்டுப் பார்த்தேன். 'நிர்வாகத்தின் விருப்பத்திற்கு உட்பட்டது' என்ற வாசகத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள். சில நிறுவனங்கள் இசைவதுண்டு. ஆனால் கணக்கு முடியுமுன், விலகல் கடிதம் கொடுக்கும் நாளிலேயே, எழுத்தில் கேட்க வேண்டும்.

முன்னறிவிப்புப் பிடித்தத்தின்மேல் ஜிஎஸ்டி ஏற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு அவ்வரி இல்லை என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டில் வெளியிட்ட சுற்றறிக்கையிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது.

மேலே தந்தது திருத்திய தாள். முதல் வரைவில் விடுப்பு 12 நாள் என்றும் நிகரம் 15,640 என்றும் இருந்தது. கடைசி நாளன்று, கணக்கு முடக்கப்படுமுன், விடுப்பு இருப்புப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்ததால் 14 என்பது உறுதியாகத் தெரியும். காரணம் தேடியபோது, ஜூனில் விண்ணப்பித்துப் பின்னர் நான் விலக்கிக்கொண்ட இரண்டு நாள் விடுப்பு அகப்பட்டது. அந்த விலக்கத்திற்கு மேலாளரின் ஒப்புதல் கணினியில் ஏறவில்லை. விடுப்புக்கும் சம்பளம் உண்டாதலால் 18 நாள் சம்பளம் என்ற வரியில் இக்குறை தெரியாது. அவ்விரு நாள்களில் வாயிற்கதவில் பதிவான வருகை நேரத்தைக் குறிப்பிட்டு மனிதவளப் பிரிவுக்கு எழுதினேன். ஐந்தாம் நாள் திருத்தம் வந்தது. 'இனி எவ்வித உரிமைக் கோரிக்கையும் இல்லை' என்னும் ஒப்புகையில் அதன்பிறகே கையெழுத்திட்டேன்.

வங்கியில் 17,640 ஒரே வரவாக ஏறியது. வழக்கமான சம்பள வரவுபோல் மாதக் கடைசியில் வராமல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. குறிப்பில் 'சம்பளம்' என்ற சொல்லும் இல்லை. தொகையையும், நிறுவனம் மின்னஞ்சலில் தந்த யூடிஆர் எண்ணையும் வைத்தே இதுதான் அது என்று அறிந்தேன். 2,160 ரூபாய் வங்கிக்கு வருவதில்லை. அதை வைப்பு நிதிப் பாஸ்புக்கில் ஜூன் மாத வரியில் தேட வேண்டும். எனக்கு அந்த வரி ஆகஸ்டில் ஏறியிருந்தது.