வலி நீங்கிய பின் வரும் ஆறு வாரங்கள்

மட்டாஞ்சேரி பஜார் சாலையின் கிடங்குகளில் மிளகும் சுக்கும் இன்றும் மனிதத் தலைகளின் மீதே ஏறி இறங்குகின்றன. கேரளத்தின் 1978ஆம் ஆண்டுச் சுமைத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் ஒருவர் 75 கிலோ வரை சுமக்கலாம் என்றிருந்தது. பின்னர் அது 55 கிலோவாகக் குறைக்கப்பட்டது. அங்கு இருபது ஆண்டுகள் மூட்டை சுமந்த ஒருவருக்கு இடுப்பின் கடைசி இடைவட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியது. இடது காலின் சுண்டுவிரல் வரை வலி இறங்கியது. பிதுங்கிய பகுதியை மட்டும் அகற்றும் அறுவை செய்யப்பட்டது.

மறுநாள் காலையிலேயே கால்வலி மறைந்துவிட்டது. ஆபத்தும் அங்கேதான் தொடங்கியது. நரம்பின் மேலிருந்த அழுத்தம் நீங்கியதே தவிர, வட்டின் வெளியுறையில் கூழ் வெளிவந்த கிழிசல் அப்படியே இருந்தது. அது வடுவாகி இறுக வாரங்கள் ஆகும். அதற்குள் முன்குனிந்து பாரம் தூக்கினால் மிச்சக் கூழ் அதே வழியில் மீண்டும் வெளியேறக்கூடும். ஆகவே ஆறு வாரங்களுக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கலாகாது, குனிந்தபடி உடலைத் திருப்பலாகாது, அரைமணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரலாகாது என்று மருத்துவர் வரையறுத்தார். நடை மட்டும் கட்டாயம். முதல் வாரம் ஐந்து முதல் பத்து நிமிடங்கள், நாளுக்கு நான்கைந்து முறை. பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி, ஆறாம் வாரத்தில் ஒரே நடையாக அரைமணி நேரம்.

மூன்றாம் வாரம், வலியே இல்லாத ஒரு காலையில், அவர் குனிந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினார். பத்து லிட்டர் என்றால் பத்து கிலோ. மாலைக்குள் பழைய வலி கெண்டைக்கால் வரை இறங்கியது. மருத்துவர் அவரை இடது காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னார். பல முறை தளராமல் உயர்த்த முடிந்தது. நரம்பின் வலு குறையவில்லை என்பதற்கு அது அடையாளம். நடையைக் குறைத்துக் கவனித்ததில் பத்து நாட்களில் வலி தணிந்தது.

எல்லா அறிகுறிகளும் அவ்வாறு காத்திருப்பதில்லை. சிறுநீர் கழிக்க இயலாமை, மலம் கட்டுப்படாமை, தொடைகளுக்கு நடுவிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், பாதம் தொய்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அந்த மணியிலேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோடு காயம் கசிவதும், எழுந்து நின்றால் தலைவலி கூடுவதும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவதும் அன்றே காட்ட வேண்டியவை. தணிந்திருந்த முதுகுவலி சில வாரங்களில் இரவும் பகலும் கடுமையாகத் திரும்பினால் வட்டில் கிருமித்தொற்று உண்டா என்று பார்க்க வேண்டும். எலும்புகளை இணைக்கும் அறுவையானால் கட்டுப்பாடுகள் மாதக்கணக்கில் நீளும்; எலும்பு எலும்போடு கூடுவதற்கு அவ்வளவு காலம் தேவை.

பன்னிரண்டாம் வாரம் அவர் கிடங்குக்குத் திரும்பினார், மூட்டைக்கு அல்ல, தராசுக்கு. கூலி குறைவு. கால் மரக்கவில்லை.