சவர்க்காரத்துக்கு ஒரு பெயர்

கிளிநொச்சியில் வேப்பெண்ணெய்ச் சவர்க்காரம் செய்து இணையச் சந்தையில் விற்கும் தாயொருவர், அதற்கு ‘வன்னி வேம்பு’ எனப் பெயரிட விழைந்தார். நாம் தயங்கினோம். ஊரையும் மூலப்பொருளையும் மட்டுமே கூறும் பெயரை ஒருவரின் தனிக்குறியாகப் பதிவதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பொதுவாக இடந்தராது. நாளை பெருவணிகன் ஒருவன் அதே பெயரில் மலிவுச் சரக்கை இறக்கினால், அவர் உழைத்துத் தேடிய நற்பெயரைக் காப்பது அரிது.

கல்கத்தாவில் பிறந்த ‘மார்கோ’வை நோக்குக. வேம்பைக் குறிக்கும் ‘மார்கோசா’ என்னும் சொல்லைக் குறுக்கிப் பெற்ற பெயர் அது. வேம்பை நினைவூட்டும், ஆனால் பொதுச்சொல்லன்று.

மேலும் ‘வேம்பு’ திரையில் Vembu எனவும் Vempu எனவும் பிளவுபடும், தேடுவோர் தவறவிடுவர். ஆதலால் ஒரே விதமாய் எழுதத்தக்க புதுச்சொல்லைப் பெயராக்கி, ‘வேப்பெண்ணெய்ச் சவர்க்காரம், கிளிநொச்சி’ என்பதைக் கீழே விளக்கமாக இடுக என்றோம். பெயர் அவருடையதாகட்டும்; வன்னியும் வேம்பும் அயலில் சவர்க்காரம் செய்யும் மற்றைப் பெண்களுக்கும் பொதுவாகவே இருக்கட்டும்.