ரிஸல்ட் வரவில்லை, ஆனால்...

பரீட்சை எழுதியாகிவிட்டது, ரிஸல்ட்தான் இன்னும் வரவில்லை. உத்தியோகத்துக்கு எழுதும் மின்னஞ்சலில் இதைச் சொல்லலாமா, கூடாதா? மே மாதம் பிறந்தால், கடைசி செமஸ்டர் முடித்த பெண்ணோ பிள்ளையோ இருக்கிற வீடுகளில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கலாம்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு கம்பெனியில் விண்ணப்பங்களைப் படித்துப் பிரிக்கிற வேலை பார்த்தவள். அந்த உரிமையில் சொல்கிறேன்: அவசியம் சொல்ல வேண்டும். ரிஸல்ட் எப்போது வரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2025-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில், எதிர்வீட்டுப் பெண் தான் எழுதிய விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கூடவே அவள் அம்மாவும் வந்தாள். தையல் மெஷினை மிதித்தே பெண்ணை பி.இ. படிக்க வைத்தவள் அந்த அம்மாள். ஜூன் 10-ந் தேதிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஜூலையில் வேலையில் சேர வேண்டும். சம்பளம் வந்தால் வாடகை பாக்கி தீரும்.

விண்ணப்பத்தின் முதல் வரியே, "நான் பி.இ. பட்டதாரி" என்று இருந்தது.

"ரிஸல்ட் வந்துவிட்டதா?" என்று கேட்டேன்.

"இல்லை, பெரியம்மா. 17-ந் தேதிதான் பரீட்சை முடிந்தது."

"அதை எதற்கு அக்கா எழுத வேண்டும்?" என்றாள் அம்மாக்காரி. "பாஸாகவில்லை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டால்? அவர்கள் கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாமே!"

நியாயமான பயம்தான். ஆனால் விண்ணப்பம் படிக்கிறவர் இருக்கிற நாற்காலியில் சற்று உட்கார்ந்து பாருங்கள். "பட்டதாரி" என்று படித்தால், சர்டிபிகேட் கையில் இருக்கிறது என்றே அவர் எடுத்துக்கொள்வார். நேர்முகத் தேர்வு நல்லபடியாக முடியும். அப்புறம், எல்லா செமஸ்டர் மார்க்கும் சேர்ந்த பட்டியலையும், தற்காலிகப் பட்டச் சான்றிதழையும் கொண்டு வா என்பார்கள். அன்றைக்கு, "ரிஸல்ட் வரவில்லை" என்றால், அது சாதாரணச் செய்தியாகப் போய்ச் சேராது. மறைத்த செய்தியாகப் போய்ச் சேரும். கடைசி செமஸ்டர் மாணவர்களை எடுப்பதில் ஆட்சேபம் இல்லாத கம்பெனிகூட, மறைத்த பெண்ணை எடுக்கத் தயங்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "ரிஸல்ட் எதிர்பார்க்கப்படுகிறது" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவது. எப்போது? அடுத்த வாரமா, ஆறு மாதம் கழித்தா? படிக்கிறவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட விண்ணப்பத்தை, "பிறகு பார்க்கலாம்" என்று ஒதுக்கி வைப்போம். ஒதுக்கி வைத்த கட்டுக்குத் திரும்பிப் போகிறவர்கள் குறைவு. "ஜூன் கடைசி வாரம்" என்று இருந்தாலோ, ஜூலையில் வேலைக்கு ஆள் வேண்டியவருக்குக் கணக்கு உடனே சரியாகிவிடும்.

அந்தத் தேதியை எங்கே பிடிப்பது? சும்மா மனத்தில் தோன்றியதை எழுதக்கூடாது. எதிர்வீட்டுப் பெண்ணின் கல்லூரி தானே பரீட்சை நடத்துகிற தன்னாட்சிக் கல்லூரி. முந்தின மூன்று வருஷம் கடைசிப் பரீட்சைக்கும் ரிஸல்ட்டுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று மூத்த மாணவிகளிடம் விசாரிக்கச் சொன்னேன். நாலு வாரத்திலிருந்து ஐந்து வாரம் என்று தெரிந்தது. கல்லூரியின் தேர்வுப் பிரிவில் கேட்டபோதும், ஜூன் 20-ஐ ஒட்டி வரும் என்றார்கள். அதோடு ஒரு வாரம் கூட்டி, "ஜூன் கடைசி வாரத்தில்" என்று எழுதினோம். சொன்னதற்கு முன்னால் வந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். பின்னால் வந்தால்தான் வம்பு.

அடுத்தது மார்க். கடைசி செமஸ்டர் வராமல் சி.ஜி.பி.ஏ. எழுதலாமா என்று அவளுக்குச் சந்தேகம். ஏழு செமஸ்டர் வரைக்கும் உள்ளதை, "ஏழு செமஸ்டர் வரை" என்று சொல்லியே எழுத வேண்டும். அவளுக்கு அது 7.4. அந்தக் கம்பெனி கேட்டதோ குறைந்தது 7. அவள் அம்மாவின் திருப்திக்காக ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஏழு செமஸ்டருக்கு மொத்தம் 150 கிரெடிட். கடைசி செமஸ்டருக்கு 12 மட்டுமே. அந்தப் பன்னிரண்டிலும் பத்துக்குப் பத்து வாங்கினால் மொத்தம் சுமார் 7.6 ஆகும். எல்லாவற்றிலும் வெறும் ஆறே வாங்கினாலும் சுமார் 7.3 இருக்கும். ஆக, வரப்போகிற ரிஸல்ட் அவளுடைய தகுதியைப் பெரிதாக மாற்றப் போவதில்லை. பாஸா இல்லையா என்பது ஒன்றுதான் பாக்கி. விண்ணப்பம் படிக்கிறவருக்கு இது தெரியும். அதனால்தான், முந்தின செமஸ்டர்களில் அரியர் எதுவும் இல்லை என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். அரியர் இருந்தால் எத்தனை என்று சொல்லிவிடுவது மேல்.

விண்ணப்பம் இங்கிலீஷில் போயிற்று. அதில் இந்த விஷயத்துக்கான பகுதி தமிழில் இவ்வளவுதான்:

"பி.இ. எட்டாவது செமஸ்டர் பரீட்சைகளை மே 17, 2025 அன்று எழுதி முடித்துவிட்டேன். முடிவுகள் ஜூன் கடைசி வாரத்தில் எதிர்பார்க்கப்படுகின்றன. ஏழு செமஸ்டர் வரை சி.ஜி.பி.ஏ. 7.4, அரியர் எதுவும் இல்லை. முடிவு வந்ததும் மதிப்பெண் பட்டியலை அனுப்பி வைக்கிறேன்."

மன்னிப்புக் கேட்கிற தொனி எங்கேயும் இல்லை, பார்த்தீர்களா? இதை விண்ணப்பத்தின் வாலில் ஒட்ட வைக்காமல், படிப்பைச் சொல்கிற இடத்திலேயே வைத்தோம். இணைத்து அனுப்பிய பயோடேட்டாவிலும், "பி.இ., 2025" என்று இருந்ததை, "முடிவு ஜூன் 2025-இல் எதிர்பார்ப்பு" என்று திருத்தினோம். கடிதம் ஒன்று சொல்ல, பயோடேட்டா வேறு சொன்னால், நாலு வரியும் வீண்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த நாலு வரி எல்லா இடத்திலும் செல்லாது. குறிப்பிட்ட தேதியில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று அறிவிப்பே சொன்னால், அங்கே இதற்கு வேலை இல்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அறிவிப்புத் தேதியிலேயே தகுதி இருக்க வேண்டும் என்று கேட்கிறது. மத்திய அரசின் சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வுக்கோ, கடைசிப் பரீட்சை எழுதி ரிஸல்ட்டுக்குக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆகவே முதலில் அறிவிப்பைப் படியுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஜூன் 16-ந் தேதியே நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. ரிஸல்ட்டோ சொன்ன வாரத்தில் வரவில்லை! தேர்வுப் பிரிவில் மறுபடி விசாரித்து, ஜூன் 30 அன்று அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக ஒரு வரி அனுப்பினாள்: "முடிவு தாமதமாகிறது, ஜூலை 4-க்குள் வரும் என்று கல்லூரியில் சொல்கிறார்கள்." புது மின்னஞ்சலாக அனுப்பியிருந்தால் பழைய விண்ணப்பத்தைத் தேடிப் பிடிக்கும் சிரமம் அவர்களுக்கு. ஜூலை 3-ந் தேதி ரிஸல்ட் வந்தது. பட்டியலும் அன்றே போயிற்று. மொத்தம் 7.5.

"அந்த வரியை எழுதியதால்தான் எடுத்தார்களா, அக்கா?" என்று அம்மாக்காரி கேட்டாள்.

"உன் பெண் கெட்டிக்காரி, அதனால் எடுத்தார்கள்" என்றேன். "அந்த வரி இருந்ததால் சேர்கிற நாளன்று அவளிடம் கேட்க அவர்களுக்குக் கேள்வியே இல்லாமல் போயிற்று."