ரத்தம் கம்மி, சிவப்பணு ஜாஸ்தி

இன்ஜினியரிங் படிக்கிறோம்னு தெரிஞ்ச நாளிலிருந்து நம்ம சொந்தக்காரங்களுக்கு நாமதான் மொழிபெயர்ப்பாளர். கேஸ் புக், பேங்க் லெட்டர், இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல வந்துடும். இதுல அடிக்கடி வர்றது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். தர்மபுரி, பென்னாகரம், அரூர்னு எந்த லேபுல எடுத்தாலும் ரிப்போர்ட் ஆங்கிலத்துலதான் இருக்கும். அதுவும் முழு வார்த்தையா இருக்காது, மூணு மூணு எழுத்தா இருக்கும். "இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லு கண்ணு"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜும் கூடவே வரும். உங்களுக்கும் வந்திருக்கும்.

அப்படி வந்த ஒரு போட்டோவைப் பத்தித்தான் இங்க எழுதுறேன். பென்னாகரம் பக்கம் இருக்கிற என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, அப்போ ஒன்பது வாரக் கர்ப்பம். முதல் குழந்தை. அனுப்பினது சி.பி.சி., அதாவது ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை. எல்லாருக்கும் முதல்ல எடுக்கிற சாதாரண டெஸ்ட்தான். பேப்பரை நாலா மடிச்சு பையில வச்சிருந்ததால நடுவுல ஒரு மடிப்புக் கோடு. அந்தக் கோடு சரியா ஆர்.பி.சி. வரி மேல விழுந்திருந்தது. எண் 5.6-ஆ 3.6-ஆன்னு தெரியல.

இந்த இடத்துல நம்ம படிப்பு கொஞ்சம் உதவும். சி.பி.சி.யில இருக்கிற எண்கள் தனித்தனி இல்லை, ஒன்னோட ஒன்னு கணக்கில் கட்டுப்பட்டவை. ஆர்.பி.சி. என்பது சிவப்பணுக்களின் எண்ணிக்கை. எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன், அலகு ஃபெம்டோலிட்டர். பி.சி.வி. என்பது மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைச்சுக்கிற சதவீதம். எண்ணிக்கையைப் பருமனால் பெருக்கினா மொத்த இடம் வந்துடணும் இல்லையா?

```
PCV = RBC × MCV ÷ 10
MCH = Hb × 10 ÷ RBC
```

அக்கா ரிப்போர்ட்டில் எம்.சி.வி. 63, பி.சி.வி. 35.3. 353-ஐ 63-ஆல் வகுத்தா 5.6. ஹீமோகுளோபின் 10.6, எம்.சி.ஹெச். 18.9. 106-ஐ 18.9-ஆல் வகுத்தாலும் 5.6. மடிப்புக்குள்ள இருந்தது 5.6தான், சந்தேகமே இல்லை. 3.6-ஆ இருந்திருந்தா கதையே வேற. மங்கலான போட்டோ வந்தா முதல்ல இப்படிச் சரிபார்த்துக்குங்க. இல்லேன்னா வேற போட்டோ கேளுங்க. ஊகிச்சுப் படிக்காதீங்க. போட்டோ சாய்வா எடுத்திருந்தா வலது பக்கம் இருக்கிற 'இயல்பு அளவு' ஒரு வரி கீழே இறங்கி, பக்கத்து டெஸ்ட்டோட அளவா தெரியும். அதையும் கவனிக்கணும்.

இனி அந்த 'இயல்பு அளவு' விஷயம். அக்காவுக்கு ஆங்கில எழுத்து தெரியும். அதனால மூணு வரியை அவங்களே வட்டம் போட்டு அனுப்பியிருந்தாங்க. ஹீமோகுளோபினுக்கு நேரா 'எல்', வெள்ளையணுவுக்கு நேரா 'ஹெச்', சிவப்பணுவுக்கு நேரா 'ஹெச்'. எல்-னா கம்மி, ஹெச்-னா ஜாஸ்தி. அது வரைக்கும் சரி. ஆனா எதை விடக் கம்மி, எதை விட ஜாஸ்தி?

அந்த அளவை எப்படி எடுக்கிறாங்கன்னா, ஆரோக்கியமா இருக்கிறவங்க ஒரு கூட்டத்தைப் பரிசோதிச்சு, மேலேயும் கீழேயும் இரண்டரை சதவீதம் வெட்டிட்டு, நடுவில் இருக்கிற 95 சதவீதத்தைப் போடுறாங்க. அப்படின்னா ஒரு நோயும் இல்லாத இருபது பேரில் ஒருத்தருக்கு எந்த டெஸ்ட்டிலும் எல்லையைத் தாண்டி எண் வரும். தப்பில்லை, கணக்கே அப்படித்தான். தவிர, ரிப்போர்ட்டில் 12 முதல் 15 வரைன்னு அச்சடிச்சிருந்தது கர்ப்பம் இல்லாத பெண்களுக்கான ஹீமோகுளோபின் அளவு. முதல் மூணு மாசத்தில் 11-க்குக் கீழே போனாத்தான் ரத்தசோகைன்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது. வெள்ளையணு 11,800. கர்ப்பத்தில் அது கொஞ்சம் ஏறுவது வழக்கம். ஆனா சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ஏறும். காய்ச்சல் இருக்கா, ஒன்னுக்குப் போகும்போது எரிச்சல் இருக்கான்னு யாராவது கேட்டாத்தான் அந்த 'ஹெச்'சுக்கு அர்த்தம் கிடைக்கும். எண்ணுக்குள்ள அந்தப் பதில் இல்லை.

மூணாவது வட்டம்தான் என்னை நிறுத்தியது. பெரியம்மா போனை வாங்கிக் கேட்டாங்க: "ரத்தம் கம்மின்னு சொல்லித்தான் கண்ணு மாத்திரை குடுத்தாங்க. இங்க சிவப்பணு ஜாஸ்தின்னு போட்டிருக்குதாமே? அப்ப ரத்தம் நிறைய இருக்குதா, இல்லையா?"

நல்ல கேள்வி. மொழிபெயர்ப்பு முடிஞ்ச பிறகும் பதில் கிடைக்காத கேள்வி. ஆர்.பி.சி.ன்னா ரத்தச் சிவப்பணுன்னு எட்டாவது அறிவியல் புத்தகமே சொல்லிடும். ஆனா நம்ம ஊரில் 'ரத்தம் கம்மி'ங்கிற ஒரே சொல்தான் எல்லாத்துக்கும். அணு எண்ணிக்கை, அணுவின் பருமன், உள்ளே இருக்கிற ஹீமோகுளோபின் மூணையும் அது பிரிச்சுக் காட்டாது. நான் இப்படிச் சொன்னேன்: "பெரியம்மா, தண்ணி வண்டியில குடம் எடுத்துட்டுப் போறாங்கன்னு வச்சுக்க. குடம் நிறைய இருக்கு. ஆனா ஒவ்வொன்னும் சொம்பு சைஸ்தான். அதான் மொத்தத் தண்ணி கம்மி." அவங்களுக்குப் புரிஞ்சது. "ஏன் குடம் சின்னதாச்சு?"ன்னு உடனே அடுத்த கேள்வி வந்தது.

குடம் சின்னதாக ரெண்டு பெரிய காரணம் உண்டு. ஒன்னு இரும்புச்சத்துக் குறைவு. அதுதான் ரொம்பப் பொதுவானது. இரும்பு இல்லேன்னா அணுவும் சின்னதாகும், பெரும்பாலும் எண்ணிக்கையும் குறையும். இன்னொன்னு தலசீமியா 'கேரியர்' நிலை. பெற்றோரில் ஒருத்தர்கிட்டயிருந்து வந்த ஒரு மரபணு ஹீமோகுளோபினைச் சரியா செய்யாது. உடம்பு அதை ஈடுகட்டச் சின்ன அணுக்களை நிறைய உற்பத்தி பண்ணும். கேரியருக்கு நோய் எதுவும் தெரியாது, வாழ்நாள் முழுக்கத் தெரியாமலேயே போகலாம். இந்தியாவில் நூறு பேரில் சுமார் மூணு நாலு பேர் இப்படி இருக்காங்கன்னு கணிப்பு. ரெண்டையும் பிரிக்க மென்ட்சர் என்கிற டாக்டர் 1973-ல் ஒரு எளிய வகுத்தலைச் சொன்னார். எம்.சி.வி.யை ஆர்.பி.சி.யால் வகுக்கணும். 13-க்கு மேல போனா இரும்புக் குறைவின் பக்கம், 13-க்குக் கீழே வந்தா தலசீமியாவின் பக்கம். 63-ஐ 5.6-ஆல் வகுத்தா 11.25.

இந்த இடத்துலதான் நமக்கு ஆபத்து. கால்குலேட்டர் ஒரு எண்ணைக் கொடுத்துடுச்சு, இன்டர்நெட் அதுக்கு ஒரு பேரைக் கொடுத்துடுச்சு. 'தலசீமியா'ன்னு தேடினா முதல்ல வர்ற படம், மாசாமாசம் ரத்தம் ஏத்திக்கிற குழந்தை. ஒன்பது வாரக் கர்ப்பிணிகிட்ட அந்தச் சொல்லைப் போனில் சொல்லலாமா? அந்த வகுத்தல் ஒரு கைகாட்டி மட்டும்தான். இரும்புக் குறைவு உள்ளவங்களுக்கும் 13-க்குக் கீழே வரும், கேரியருக்கும் மேலே வரும். ரெண்டும் ஒரே ஆளிடம் இருக்கவும் செய்யும். உறுதி பண்ண ஹீமோகுளோபின் ஏ2 அளவு பார்க்கணும், ஹெச்.பி.எல்.சி. என்கிற கருவியில். சி.பி.சி. பேப்பரில் அந்த வரியே கிடையாது. எவ்வளவு தெளிவா போட்டோ எடுத்தாலும் வராது.

அதுக்காகப் பேசாம இருந்துடவும் முடியாது. அக்கா கட்டிக்கிட்டது சொந்த அத்தை மகனை. மரபணு அப்பா வழியில் வந்திருந்தா, அதே மரபணு அத்தை வழியா மாமாகிட்டயும் இருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டு பேரும் கேரியரா இருந்தா ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு கடுமையான தலசீமியாவுக்கு வாய்ப்பு. கருவில் இருக்கும்போதே பார்க்கணும்னா நஞ்சுக்கொடியிலிருந்து திசு எடுக்கிற சோதனையைப் பத்தாவது வாரத்துக்கு மேல செய்வாங்க. ஒன்பதாவது வாரத்தில் இருக்கிறவங்க 'அப்புறம் பார்க்கலாம்'னு மாசக்கணக்கில் தள்ளக் கூடாது.

நோயோட பேரை நான் சொல்லல. அக்காகிட்ட இவ்வளவுதான் சொன்னேன்: "அணு ரொம்பச் சின்னதா இருக்கு, எண்ணிக்கை ஜாஸ்தியா இருக்கு. இது இரும்புக் குறைவாவும் இருக்கலாம், பிறப்பிலேயே வர்ற அமைப்பாவும் இருக்கலாம். இந்த வாரமே டாக்டர்கிட்ட இந்தப் பேப்பரையே காட்டி, 'ஏ2 டெஸ்ட் எடுக்கணுமா'ன்னு கேளு. மாமாவையும் ரத்தம் குடுக்கச் சொல்லு. மாத்திரையை நிறுத்தாதே." கடைசி வரியை ரெண்டு தடவை சொன்னேன். கிராம சுகாதார செவிலியர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அது. தலசீமியான்னா இரும்பு ஆகாதுன்னு எங்கேயோ படிச்சுட்டு நிறுத்தினவங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன்.

இதே மாவட்டத்தில் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் இருக்கிற சிட்லிங்கியில், டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-ல் ஒரு மருத்துவ முயற்சியைத் தொடங்கினாங்க. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவங்களைச் சுகாதாரப் பணியாளர்களா ஆக்கினது அங்கே முக்கியமான வேலை. அக்கா விஷயத்துக்கு அப்புறம் அது ஏன்னு எனக்குக் கொஞ்சம் புரிஞ்ச மாதிரி இருந்தது. வீட்டுக்கு வர்ற பெண் கண்ணு இமையை இறக்கிப் பார்ப்பாங்க, மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம்னு எண்ணுவாங்க, யார் யாரைக் கட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சிருக்கும். எனக்கு வந்தது ஒரு ஜேபெக் மட்டும்.

டாக்டர் பார்த்துட்டு ஏ2-வும் ஃபெரிட்டினும் எழுதினார். ஏ2 5.1 சதவீதம். மூன்றரைக்கு மேல போனாலே கேரியர்னு எடுத்துக்குவாங்க. ஃபெரிட்டின் 9, அதாவது உடம்பில் சேமிச்ச இரும்பும் காலி. ரெண்டும் சேர்ந்துதான் இருந்தது. மென்ட்சர் வகுத்தல் பாதியைத்தான் சொல்லியிருந்தது, மாத்திரையும் தேவைப்பட்டது. மாமாவுக்கு எம்.சி.வி. 87, ஏ2 2.6. கேரியர் இல்லை. குழந்தைக்குக் கேரியரா இருக்கிற வாய்ப்பு பாதிக்குப் பாதி, அதைத் தாண்டி இந்த விஷயத்தில் பயமில்லைன்னு டாக்டர் அவங்க ரெண்டு பேரையும் உட்கார வச்சுச் சொன்னாராம்.

அக்காவுக்கு அது யார் வழியா வந்ததுன்னு இன்னும் தெரியாது. பெரியம்மா வழியா வந்திருந்தா எங்க அம்மாவுக்கும் இருக்கலாம், எனக்கும் இருக்கலாம். காலேஜ் ரத்ததான முகாமில் ஹீமோகுளோபின் மட்டும்தான் பார்த்தாங்க, அதில் இது பிடிபடாது. போன வாரம் தர்மபுரியில் சி.பி.சி. கொடுத்துட்டு வந்தேன். எம்.சி.வி. 88, ஆர்.பி.சி. 5.0. அம்மா அடுத்த மாசம் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. பெரியம்மா மட்டும் இன்னும் போகல. "எனக்கென்ன கண்ணு, நாலு புள்ள பெத்து அம்பத்தி அஞ்சு வயசாச்சு, இனிமே குடம் சின்னதா இருந்தா என்ன, பெருசா இருந்தா என்ன"ங்கிறாங்க. அவங்க சின்ன மகளுக்குத் தையில் கல்யாணம்.