செம்மண்ணில் விழுந்த மழை

மைசூரு விஜயநகரில் வீடு கட்டுவதற்காகத் தோண்டிய மண் தெருவோரங்களில் குவிந்து கிடப்பதுண்டு. ஆனி மாதத்து மழை ஒன்று பெய்துவிட்டால் போதும். தெருவெங்கும் செந்நீர் ஓடும். அத்தகைய ஒரு மாலையில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி குறுந்தொகையின் நாற்பதாம் பாடலை உரைநடையாக எழுதிக்கொண்டிருந்தாள். பாடல் ஐந்தே அடிகள். அவளும் விரைவில் முடித்துவிட்டாள்: "என் தாயும் உன் தாயும் உறவினர் அல்லர். நம் தந்தையரும் உறவினர் அல்லர். ஆயினும் நம் நெஞ்சங்கள் சிவந்த நீர்போல் கலந்தன."

பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "பொருள் வந்திருக்கிறது கண்ணு. ஆனால் இதைச் சொல்பவன் யார்? யாரிடம் சொல்கிறான்?" என்று கேட்டார்.

அப்பாடலில் பேசுபவன் தலைவன். முன்பின் அறியாத இருவர் சந்தித்து அன்பு கொண்டபின், இவன் நம்மைப் பிரிந்து போய்விடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் வாய் திறக்கவில்லை, முகம் வேறுபடுகிறது. அதனைக் கண்டு அவன் பேசுகிறான். இச்செய்தி பாடலின் அடிகளில் இல்லை. பாடலின் கீழுள்ள குறிப்பில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு உரை எழுதினால், ஆறுதல் சொல்லும் பேச்சு வெறும் செய்தியாகிவிடும்.

அவன் கேள்விகளாகவே பேசுகிறான் என்பதையும் மாணவி கவனிக்கவில்லை. நம் அன்னையர் ஒருவருக்கொருவர் என்ன உறவு, தந்தையர் எவ்வகையில் உறவு, நாம் எப்படி அறிமுகமானோம் என்று அவன் கேட்கிறான். விடைகளைத் தலைவியே தன் மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். "உறவினர் அல்லர்" என்று எழுதிவிட்டால் அவளுக்குரிய விடையை நாமே பறித்துக்கொள்கிறோம்.

சுருக்கத்தின் மற்றோர் இரகசியம் சொற்களுக்குள் இருக்கிறது. யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். தாய் என்பதோ பழைய வழக்கில் அவனுடைய அல்லது அவளுடைய தாய். அவ்வாறே எந்தை, நுந்தை, தந்தை என்பனவும். இன்று நாம் இரண்டு சொற்களால் சொல்வதை அன்று ஒரே சொல் தாங்கியது. ஆகவே உரைநடை நீள்வதில் குற்றமில்லை.

இனி உவமை. செம்புலப் பெயல்நீர் என்பது செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர். மாணவிக்குப் புலம் என்பது நிலம் என்று தெரியவில்லை. செம் மட்டும் உடனே விளங்கியது. அவள் தோழிகள் பேசும் கன்னடத்தில் சிவப்பு ‘கெம்பு’ அல்லவா! தமிழில் ‘செ’ என்று மாறிய ஒலி, கன்னடத்தில் ‘கெ’ என்றே நின்றுவிட்டது.

ஆனால் அவள் எழுதிய ‘சிவந்த நீர்’ முடிவை மட்டும் காட்டுகிறது. வானிலிருந்து வரும் நீருக்கும் தரையில் கிடக்கும் மண்ணுக்கும் முன்பு உறவில்லை; விழுந்த பின்னரே நீர் மண்ணின் நிறத்தைப் பெறுகிறது. உறவில்லாத பெற்றோரைப் பற்றிய கேள்விகளுக்கு இந்த உவமையே விடை.

இதே மைசூரில் 1929இல் பிறந்த ஏ. கே. இராமானுஜன் இப்பாடலை ஆங்கிலமாக்கினார். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் கேட்டு வளர்ந்தவர் அவர். உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகையை அவர் கண்டெடுத்ததோ 1962இல், சிகாகோப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில். அவருடைய மொழிபெயர்ப்பில் மண்ணும் மழையும் ‘உம்’ சேர்ந்து இணையாக நிற்கின்றன. தமிழில் நீரே முதன்மைச் சொல். நிலம் அதற்கு அடை. இருவரையும் சமமாக்கும் அம்மாற்றம் அழகானதுதான்; எனினும், மூலத்திலிருந்து அது சற்றே விலகியது.

மாணவி திடீரென்று கேட்டாள்: "பாட்டி, செந்நீரைக் குவளையில் வைத்தால் மறுநாள் மண் அடியில் தங்கிவிடுமே? அப்படியானால் பிரிந்துவிடும் என்றல்லவா ஆகிறது?"

பாட்டி சிரித்தார். "தலைவியின் அச்சமும் அதுதானடி! ஆனால் அவன் குவளையைச் சொன்னானா? நிலத்தில் பெய்த மழையைச் சொன்னான். மண்ணுக்குள் இறங்கிய மழையை யார் திரும்ப எடுப்பார்?"

அவள் ‘சிவந்த நீர்’ என்பதை அடித்துவிட்டு, மீண்டும் எழுதினாள்: "நீ அஞ்சுவது தெரிகிறது. என் தாய் உன் தாய்க்கு யார்? என் தந்தை உன் தந்தைக்கு என்ன உறவு? நானும் நீயும் இதற்குமுன் எங்கே அறிந்துகொண்டோம்? ஆனாலும், செம்மண் நிலத்தில் விழுந்த மழை அம்மண்ணாகவே ஆகிவிடுவதுபோல, அன்புள்ள நம் நெஞ்சங்கள் தாமாகவே கலந்துவிட்டன."

புலவர் பெயர் எழுதும் இடத்தில் மட்டும் தயங்கினாள். அவருடைய இயற்பெயர் கிடைக்கவில்லை. உவமையைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று வழங்கிவிட்டார்கள். வெளியே மழை விட்டிருந்தது.