திங்கட்கிழமை கேட்டு ஒரு கடிதம்

காலனிக் கடைகளைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சே வருவதில்லை. டீக்கடையில் தனிக்குவளை இருந்தால் எழுதுகிறோம், சலூனில் முடிவெட்ட மறுத்தால் புகார் கொடுக்கிறோம். ஆனால் காலனிக்குள்ளேயே கடை வைத்திருப்பவருக்குச் சரக்கு எந்த நிபந்தனையில் வருகிறது, எந்த இடம் வரைக்கும் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கடலூர் மாவட்டத்தில் ஒரு காலனியில் மளிகைக் கடை நடத்தும் அக்கா ஒருவருக்காக அண்மையில் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் எங்களுக்கே இது முழுதாக விளங்கியது. பெயர் வேண்டாம் என்றார். மண்டிக்காரர் பெயரும் இங்கே வராது.

அவருடைய கடை பத்துக்குப் பத்து. அரிசி, எண்ணெய், பருப்பு, சோப்பு, ஷாம்பு பாக்கெட், பிள்ளைகளுக்கான தின்பண்டம். டவுன் மண்டியிலிருந்து வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை காலையில், குட்டியானையில் சரக்கு வரும். இந்த வாரச் சரக்கை இறக்கும்போது போன வாரச் சரக்குக்கான பணத்தை எண்ணி வைக்க வேண்டும். ஏழு நாள் தவணை. வண்டி காலனிக்குள் வராது. மெயின் ரோட்டு நிறுத்தத்தில் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து கடைக்குக் கொண்டுவர ஆட்டோவுக்கு 150 ரூபாய்.

அக்கா முதலில் கேட்டது, “ஒரு மாசம் தவணை குடுங்கன்னு எழுதித் தாங்க” என்பதுதான். ஏன் ஒரு மாதம் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. பணம் பற்றவில்லை, அவ்வளவுதான். எவ்வளவு பற்றவில்லை, எந்தக் கிழமையில் பற்றவில்லை என்று தெரியாமல் எழுதுகிற கடிதம் கெஞ்சலாகத்தான் முடியும். அதனால் நான்கு வாரம் பொறுத்திருந்தோம். தினமும் இரவு கல்லாவை எண்ணி ஒரு நோட்டில் எழுதச் சொன்னோம். ரொக்க விற்பனை எவ்வளவு, கடன் எவ்வளவு, பழைய கடனில் திரும்பி வந்தது எவ்வளவு என்று மூன்றே மூன்று கட்டம். எழுதியது அவருடைய மகள், பத்தாம் வகுப்பு.

நான்கு வார நோட்டைச் சராசரியாக்கிப் பார்த்தால் கணக்கு இப்படி நின்றது. வாரத்துக்கு 16,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறார். அது 18,000 ரூபாய்க்கு விற்கிறது. அதில் 11,000 ரொக்கம், 7,000 கடன். கடன் வாங்குகிறவர்கள் இரண்டு வகை. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். அவர்கள் சனி இரவும் ஞாயிறு காலையும் வந்து தீர்த்துவிடுவார்கள். அது 4,000. மற்ற 3,000 ரூபாய், நூறு நாள் வேலைச் சம்பளத்தையும் முதியோர் ஓய்வூதியத்தையும் நம்பி வாங்குகிறவர்களுடையது. அது வரும்போது வரும்.

இப்போது வெள்ளிக்கிழமையைப் பாருங்கள். மண்டிக்கு 16,000 கொடுக்க வேண்டும். அந்தச் சரக்கில் ரொக்கமாகியிருப்பது 11,000. சூளைக்காரர்களின் 4,000 வர இன்னும் ஒரு நாள், இரண்டு நாள் இருக்கிறது. குறைகிற 5,000 ரூபாயை வெள்ளிக்கிழமை காலையில் வார வட்டிக்கு வாங்குகிறார். 250 ரூபாய் வட்டி. ஞாயிற்றுக்கிழமை கல்லாவில் விழுவதெல்லாம் அந்தக் கடனைத் தீர்க்கப் போய்விடுகிறது. அடுத்த வெள்ளிக்கு மறுபடியும் 5,000. வாரத்துக்கு 2,000 ரூபாய் லாபம் வர வேண்டிய கடையில் வட்டிக்கு 250, ஆட்டோவுக்கு 150 என்று 400 ரூபாய் வீட்டுக்கு வராமலே போகிறது. ஐந்தில் ஒரு பங்கு.

இந்த நோட்டைப் பார்த்த பிறகு ஒரு மாதத் தவணை என்கிற கோரிக்கை தானாகவே விழுந்துவிட்டது. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு திங்கட்கிழமை. வசூல் நாள் வெள்ளியிலிருந்து திங்களுக்கு மாறினால், 11,000 ரொக்கமும் 4,000 சனிக்கிழமைச் சம்பளப் பணமும் கையில் இருக்கும். மிச்சம் ஆயிரத்தைச் சனி, ஞாயிறு விற்பனை ஈடுகட்டிவிடும். வார வட்டிக்காரர் வீட்டுப் படி ஏற வேண்டியதில்லை.

இன்னொன்றும் நோட்டில் தெரிந்தது. செவ்வாய், புதன் வாக்கில் எண்ணெயும் பருப்பும் தீர்ந்துபோகிறது. அந்த இரண்டு நாள் காலனிச் சனம் ஊர்க் கடைக்குப் போகிறது. ஆகவே சரக்கை இரண்டாகப் பிரித்து, வெள்ளி 9,000, செவ்வாய் 7,000 என்று கேட்கலாம் என முடிவானது.

மண்டிக்காரர் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். அவர் முதலில் கேட்கப்போவது, “என் பணம் எவ்வளவு வெளியே நிக்கும்?” என்பது. இன்றைக்கு அதிகபட்ச பாக்கி 16,000. புதிய ஏற்பாட்டில் வெள்ளியிலிருந்து திங்கள் வரை மூன்று நாள் அது 25,000 ஆகும். திங்கட்கிழமை 16,000 கொடுத்ததும் 9,000 ஆகக் குறையும், செவ்வாய்ச் சரக்கு இறங்கினால் மீண்டும் 16,000. ஆக, அவரிடம் கேட்பது மூன்று நாளைக்கு 9,000 ரூபாய் கூடுதல் நம்பிக்கை. இதை நாமே கடிதத்தில் சொல்லிவிட்டால் அவர் வேறு கணக்குப் போட இடமில்லை.

எழுத உட்கார்ந்ததும் அக்கா சொன்ன முதல் வரி, “முதலாளி அவர்கள் கருணை கூர்ந்து” என்று தொடங்கியது. அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றோம். வாரம் 16,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்து, நான்கு ஆண்டாக ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் பணம் கட்டியவர் ஏன் கருணை கேட்க வேண்டும்? “அவங்க கோவிச்சுக்கிட்டா?” என்றார். கோபிக்கும்படி ஒரு சொல்லும் இருக்காது, குனியும்படியும் இருக்காது என்று சொல்லி எழுதியது இது:

“உரிமையாளர் அவர்களுக்கு வணக்கம். நான்கு ஆண்டுகளாகத் தங்களிடம் வாரந்தோறும் சரக்கு எடுத்து வருகிறேன். இதுவரை பாக்கி நின்றதில்லை. கீழ்க்கண்ட மூன்று மாற்றங்களைக் கேட்கிறேன். ஒன்று, வசூல் நாள் வெள்ளிக்குப் பதில் திங்கள். எங்கள் பகுதியில் சம்பளம் சனிக்கிழமை வருகிறது. இரண்டு, சரக்கு வெள்ளி 9,000, செவ்வாய் 7,000 என இரு முறை. மூன்று, இரு முறையும் சரக்கைக் கடை வாசலில் இறக்க வேண்டும். தங்களுக்கு நிற்கும் பாக்கி எந்த நாளிலும் 25,000 ரூபாயைத் தாண்டாது. திங்கட்கிழமை முழுப் பணம் வராவிட்டால் செவ்வாய்ச் சரக்கை நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு மாதம் நடத்திப் பார்த்து இரு தரப்பும் பேசி முடிவு செய்யலாம். தங்கள் பதிலை எழுத்தில் தர வேண்டுகிறேன்.”

தேதி போட்டு, கையெழுத்திட்டு, நகல் ஒன்றில் மண்டி முத்திரையும் வாங்கி வந்தார். நிறுத்திக்கொள்ளலாம் என்கிற வரிதான் கடிதத்தின் பலம். கொடுக்கிறவருக்குத் தன் பணத்தைக் காக்க ஒரு கதவு வேண்டும். அதை நாமே திறந்து காட்டுவது, பத்து முறை “நம்புங்கள்” என்று சொல்வதைவிட மேல்.

எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. அதே மண்டி, ஊர்த் தெருவில் இருக்கும் கடைக்குப் பதினைந்து நாள் தவணை கொடுக்கிறது, வாசலில் சரக்கு இறக்குகிறது. எப்படித் தெரியும் என்று இங்கே எழுத மாட்டோம், சொன்னவரின் வேலை முக்கியம். அந்தத் தெருவும் காலனித் தெருவும் ஒரே அகலம். சாதியைக் கடிதத்தில் எழுதிவிடலாம் என்று தோழர்களில் சிலர் சொன்னார்கள். எழுத இடமும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியது. வியாபாரமே செய்ய மறுப்பது மட்டும் புறக்கணிப்பு ஆகாது. வழக்கமான வியாபாரத்தில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் நிபந்தனைகளின்படி ஒன்றைச் செய்ய மறுப்பதும் அந்த வரையறைக்குள் வருகிறது. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. பம்பாய் அரசு 1928இல் அமைத்த, அம்பேத்கர் உறுப்பினராக இருந்த ஸ்டார்ட் குழு, தீண்டத்தகாதோருக்குக் கடைக்காரர் பொருள் விற்க மறுக்கும்படி செய்யப்படுவதை 1930ஆம் ஆண்டு அறிக்கையிலேயே பதிவு செய்தது.

ஆனால் கடன் கொடுப்பது வியாபாரியின் விருப்பம் என்று எந்த வக்கீலும் முதல் வாதமாகச் சொல்வார். அவருக்கு ஏழு நாள், இவருக்குப் பதினைந்து நாள் என்பதற்கு விற்பனை அளவு, பழைய பழக்கம் என்று பத்துக் காரணம் கிடைக்கும். அந்தக் காரணங்கள் எல்லாம் அடைபட்ட பிறகும் மறுப்பு நின்றால்தான் சாதி தனியே வெளியில் தெரியும். அதனால் முதல் கடிதம் வெறும் கணக்காகப் போகட்டும் என்று அக்காவே முடிவு சொன்னார். கடை அவருடையது, முடிவும் அவருடையதாக இருப்பதுதான் சரி.

பத்தாவது நாள் பதில் வந்தது, எழுத்தில் அல்ல, போனில். திங்கட்கிழமை வசூலுக்குச் சரி. செவ்வாய்ச் சரக்குக்கும் சரி. மூன்றாவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வண்டி இன்னும் மெயின் ரோட்டில்தான் நிற்கிறது.

ஐந்து வாரம் ஓடிவிட்டது. வார வட்டி நின்றுவிட்டது. எண்ணெய்க்காக யாரும் ஊர்க் கடைக்குப் போவதில்லை. ஆனால் மகளின் நோட்டில் இன்னொரு கணக்கும் ஏறியிருக்கிறது. வாரம் ஒரு ஆட்டோ இப்போது இரண்டு ஆட்டோ, 150 இப்போது 300. வட்டியில் மிச்சமான 250 ரூபாயில் 150 அந்த முந்நூறு மீட்டருக்கே போகிறது. தவணையில் கிடைத்ததைத் தெரு முனை பிடுங்கிக்கொள்கிறது. நூறு நாள் வேலைக்காரர்களின் 3,000 ரூபாய்க் கடனையும் எந்தக் கடிதத்தாலும் தீர்க்க முடியாது. அது அரசு சம்பளத்தை எப்போது போடுகிறது என்பதைப் பொறுத்தது. அதற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று அக்கா ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார், கறாராகவும் இருக்கிறார்.

போன திங்கட்கிழமை இரண்டாவது கடிதம் கொடுத்தாயிற்று. அதில் ஒரே ஒரு கேள்வி: எந்தெந்தக் கடைகளுக்கு வாசலில் சரக்கு இறக்குகிறீர்கள், என் கடைக்கு இறக்காததன் காரணம் என்ன? தெருவின் அகலத்தை அளந்து எழுதியிருக்கிறோம், பத்தரை அடி. சிலிண்டர் வண்டி அந்தத் தெருவுக்குள் வந்துபோகும் புகைப்படம் ஒன்றும் இணைத்திருக்கிறோம். பதினைந்து நாளில் எழுத்தில் பதில் கேட்டிருக்கிறோம். நகலில் மண்டி முத்திரை விழுந்திருக்கிறது, தேதியோடு.